ஆரஞ்சு வாசனை எங்கே போச்சு?

எங்கள் வீட்டில் கரன்ட் போனால் யாரும் பதறுவதில்லை. அலமாரி நிறைய மெழுகுவத்தி அடுக்கியிருக்கிறது. ஆரஞ்சு, வெட்டிவேர், எலுமிச்சைப்புல் என்று ஒவ்வொரு கண்ணாடிக் குவளையிலும் என் கையெழுத்தில் லேபிள். ஏற்றினால் நல்ல வெளிச்சம் வரும். வெளிச்சம் மட்டும்தான் வரும்.

நவராத்திரி தாம்பூலத்தோடு பிளாஸ்டிக் டப்பா கொடுப்பதற்குப் பதில் வாசனை மெழுகுவத்தி கொடுக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். கடையில் விற்பதெல்லாம் செயற்கை வாசனை, நாம் சுத்தமான எசென்ஷியல் ஆயில் போட்டுச் செய்வோம் என்று வேறு வீரம் பேசினேன். சோயா மெழுகு, பருத்தித் திரி, சின்னச் சின்ன பாட்டில்களில் எண்ணெய் என்று பார்சல் வந்திறங்கியது. ஆரஞ்சு எண்ணெய் பாட்டிலில் சிவப்புக் கட்டத்துக்குள் தீச்சுடர் படம் போட்ட ஸ்டிக்கர். கூட வந்த தாளில் ‘ஃப்ளாஷ் பாயின்ட்: சுமார் 48 டிகிரி’ என்றிருந்தது. அந்த 48-ஐப் பார்த்ததிலிருந்து பிடித்தது எனக்குச் சனி.

ஃப்ளாஷ் பாயின்ட் என்றால் என்னவென்று நானாகவே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். 48 டிகிரிக்கு மேல் சூடானால் எண்ணெயின் வாசனை எரிந்து பறந்துவிடும் என்பது என் சித்தாந்தம். இதையே அடித்துச் சொல்கிற ஆட்கள் இந்தத் தொழிலில் நிறைய இருப்பதால் துணைக்கும் குறைவில்லை. ஆகவே மெழுகை உருக்கி, தெர்மாமீட்டரைக் குத்தி வைத்து, 46 டிகிரிக்கு இறங்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் எண்ணெயை ஊற்றினேன். என் மெழுகோ 50 டிகிரியிலேயே கலங்கி இறுக ஆரம்பிக்கிற ரகம். கூழாகிவிட்ட மெழுகில் எண்ணெயைக் கலக்கப் பார்த்தால் அது எங்கே போய்ச் சேரும்? கிண்டக் கிண்ட ஒதுங்கியது. சரி, ஆறினால் சரியாகிவிடும் என்று குவளையில் வழித்து ஊற்றினேன்.

மறுநாள் காலை மெழுகுவத்தியின் தலையில் வியர்வை மாதிரி முத்து முத்தாய் எண்ணெய். மோந்து பார்த்தால் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கிள்ளியதுபோல ஜம்மென்று இருந்தது. வெற்றி என்று எல்லோரையும் கூப்பிட்டு ஏற்றினேன். திரி பற்றியது. இரண்டு நொடியில் சுடர் திரியிலிருந்து இறங்கி, மெழுகின் மேலேயே படர்ந்து, குவளை வாய் முழுக்க எரிந்தது. நான் சமையலறைக் குழாயை நோக்கி ஓடினேன்.

“தண்ணி ஊத்தாதடா! தட்டை எடுத்து மூடு!” என்று கத்தியபடியே அம்மா, பக்கத்திலிருந்த எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துவிட்டாள். வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் என்ன செய்வாளோ அதையேதான் செய்தாள். உருகிய மெழுகில் தண்ணீர் பட்டால் அது சட்டென்று ஆவியாகி, எரிகிற மெழுகை நாலா பக்கமும் வாரி இறைத்துவிடும். எனக்கு அது அப்புறம் படித்துத்தான் தெரிந்தது.

ஃப்ளாஷ் பாயின்ட் என்னவென்று அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். எண்ணெயை ஒரு மூடிய கிண்ணத்தில் வைத்து மெல்லச் சூடேற்றுவார்கள். அவ்வப்போது மூடியைத் திறந்து ஒரு குட்டிச் சுடரைக் காட்டுவார்கள். மேலே சேர்ந்திருக்கும் ஆவி எந்த வெப்பநிலையில் முதன்முதலாகப் ‘பக்’கென்று பற்றி அணைகிறதோ அதுதான் ஃப்ளாஷ் பாயின்ட். எண்ணெயைக் கிடங்கில் வைப்பவர், லாரியில் ஏற்றுபவர் போன்றவர்களுக்கான எச்சரிக்கை அது. இந்த முறையில் 60 டிகிரிக்குள் பற்றும் திரவங்களைச் சரக்குப் போக்குவரத்து விதிகளில் எளிதில் தீப்பிடிப்பவை என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாட்டிலில் சுடர் படம் ஒட்டியிருந்ததும் அதனால்தான். வாசனை இருக்குமா போகுமா என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்வதில்லை. பக்கத்தில் நெருப்பு இல்லாவிட்டால் 48-ஐத் தாண்டியும் அந்த எண்ணெய் பாட்டுக்குச் சும்மா கிடக்கும்.

கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் எனக்கே பிடிபட்டிருக்கும். எரிகிற மெழுகுவத்தியில் திரியைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகுக் குளம் எப்படியும் 60 டிகிரியைத் தொட்டுவிடும், பல நேரம் அதற்கும் மேலே போகும். 48-ஐத் தாண்டினால் வாசனை காலி என்பது நிஜமானால் உலகத்தில் ஒரு ஆரஞ்சு மெழுகுவத்தியும் மணக்க முடியாது. அதுபோக, 100 பங்கு மெழுகில் 6 பங்கு எண்ணெய் நன்றாகக் கரைந்துவிட்டால் அதிலிருந்து கிளம்பும் ஆவியும் குறைவு. தனி எண்ணெய் 48-ல் பற்றுகிறதென்றால் இந்தக் கலவை பற்றுவதற்கு அதைவிட எவ்வளவோ அதிகச் சூடு வேண்டும். ஃப்ளாஷ் பாயின்ட்டுக்குப் பயந்து நான் ஆறிய மெழுகில் ஊற்றினேன். எண்ணெய் கலக்காமல் மேலே தனியாக நின்றது. அந்தத் தனி எண்ணெய்க்கு நானே தீயையும் வைத்தேன். அந்த 48 என்ற எண் நிஜமாகவே ஆபத்தாகிற ஒரே ஏற்பாட்டைத் தேடிப்பிடித்துச் செய்தவன் நான்.

இப்போது செய்கிற முறை இதுதான். மெழுகைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 80 டிகிரி போல உருக்கி, அடுப்பை அணைத்துவிடுவேன். அணைப்பது முக்கியம், ஏனென்றால் திறந்த பாட்டிலும் எரிகிற கேஸ் அடுப்பும் அருகருகே இருக்கக் கூடாது. 75-க்கு இறங்கியதும் எண்ணெயை ஊற்றி இரண்டு நிமிடம் அவசரமில்லாமல் கிண்டிவிட்டு, 60 டிகிரி வாக்கில் குவளையில் ஊற்றுவேன். கிண்டும்போது கொஞ்சம் வாசனை ஆவியாகப் போகத்தான் செய்கிறது. வீடே மணக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? ஆனால் கலக்காமல் நிற்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய நஷ்டமில்லை.

எண்ணெயை மில்லி கணக்கில் அளந்தது இன்னொரு கூத்து. 180 கிராம் மெழுகுக்கு 6 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 11 கிராம் எண்ணெய். நான் 11 மில்லி அளந்தேன். ஆரஞ்சு எண்ணெய் தண்ணீரைவிட லேசு, 11 மில்லி எடுத்தால் ஒன்பதேகால் கிராம்தான் தேறும். கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம். ஒரே அளவு ஊற்றியும் ஒன்று மணக்கிறது, ஒன்று மணக்கவில்லையே என்று எண்ணெய் விற்றவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சமையலறைத் தராசு என் வசம் வந்துவிட்டது. அதற்காக வீட்டில் தனியாகத் திட்டு வாங்குகிறேன்.

முறை சரியாகிவிட்டது, தீ படரவில்லை, எண்ணெய் வியர்க்கவில்லை. ஆனாலும் ஆரஞ்சு வாசனை வரவில்லை. பழியை இந்தத் தடவை திரியின் மேல் போட்டேன். அதில் பாதி நியாயமும் இருந்தது.

என் குவளை 7 சென்டிமீட்டர் அகலம். போட்டிருந்ததோ மெல்லிய திரி. சுடர் திரியைச் சுற்றிக் கிணறு மாதிரி ஒரு குழியைத் தோண்டிக்கொண்டு கீழே போனது, ஓரத்து மெழுகு அப்படியே சுவராக நின்றது. வாசனை கிளம்புவது உருகிய மெழுகின் மேற்பரப்பிலிருந்து. குளம் ரூபாய் நாணயம் அகலத்துக்கு இருந்தால் அந்த அகலத்துக்குத்தான் வாசனை. எண்ணெயில் பெரும்பங்கு ஓரச் சுவரில் சிறைப்பட்டிருந்தது. இதைப் புரிந்துகொண்ட நான், இருப்பதிலேயே தடித்த திரியைப் போட்டேன். நடுவில் இருப்பதை யோசிக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

தடித்த திரி ஜோராக எரிந்தது. ஒரு மணி நேரத்தில் குளம் ஓரத்தைத் தொட்டு, ஆழமும் இரண்டு சென்டிமீட்டருக்குப் போய்விட்டது. குவளையைத் தொட முடியவில்லை. திரி நுனியில் கரி காளான் குடை மாதிரி தடித்து, சுடர் ஆடும்போதெல்லாம் மெல்லிய கறுப்புப் புகை. கண்ணாடி வாயில் மசி படிந்தது. வாசனை முதல் அரைமணி அமர்க்களம், அப்புறம் ஒன்றுமில்லை. காரணம் இரண்டு. மெழுகு அளவுக்கு மீறிச் சூடானதில் லேசான எண்ணெய் மொத்தமாக முதலிலேயே கிளம்பிப் போய்விட்டது. மிச்சத்தில் கணிசமானதைத் திரி மெழுகோடு உறிஞ்சிச் சுடருக்குள் கொண்டுபோய்விட்டது. அங்கே போனது எரிந்துபோகும், மூக்குக்கு வராது. பெரிய திரி என்றால் பெரிய வாசனை என்று நான் போட்ட கணக்கில் இந்தக் கழித்தலே இல்லை.

பிறகு ஒருவழியாகப் புத்தி வந்து, ஒரே மெழுகு, ஒரே எண்ணெய், ஒரே குவளை, திரி மட்டும் வேறு வேறு என்று மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எரித்தேன். குவளையின் அகலம் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்று இந்தத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. 7 சென்டிமீட்டர் குவளை என்றால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் குளம் ஓரத்தைத் தொட வேண்டும், ஆழம் ஒரு சென்டிமீட்டரைச் சுற்றி நிற்க வேண்டும். நடுத்தரத் திரி சொல்லிவைத்தாற்போல அதைச் செய்தது. ஏற்றுமுன் திரியை ஆறு மில்லிமீட்டருக்குக் கத்தரித்தேன். ஒவ்வொரு முறையும் கத்தரிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சரியான திரிகூட நீளத்தால் பெரிய திரி ஆகிவிடும்.

திரியை வென்றுவிட்டேன் என்று நினைத்து, அதே நடுத்தரத் திரியை வெட்டிவேர் மெழுகுவத்திக்கும் போட்டேன். சுடர் பத்து நிமிடத்தில் பயறு அளவுக்குச் சுருங்கி, குளத்தில் மூழ்கி அணைந்தது. வெட்டிவேர் எண்ணெய் தேன் பதத்தில் இருக்கும். திரியின் இழைகளில் எளிதாக ஏறாது, ஏறினாலும் முழுக்க எரியாமல் நுனியை அடைத்துக்கொள்ளும். ஆரஞ்சுக்குச் சரியான திரி வெட்டிவேருக்குச் சரியல்ல, வாசனையே போடாத மெழுகுக்குச் சரியானது இரண்டுக்குமே சரியில்லாமல் போகலாம். விற்பவர் தரும் திரி அட்டவணை எங்கே தொடங்கலாம் என்று மட்டும்தான் காட்டும். எண்ணெயை மாற்றினால் மறுபடி எரித்துத்தான் பார்க்க வேண்டும். சாம்பிராணி போடலாமா என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்: பிசின் வகையறாக்கள் திரியை அடைப்பதில் வெட்டிவேருக்கு அண்ணன்.

மச்சினி மல்லிகை வாசனையில் கேட்டாள். மல்லிகையை ஆவியில் வடித்தால் மணம் கெட்டுவிடும் என்பதால், சத்தியமங்கலம், மதுரைப் பக்கத்து ஆலைகளில் கரைப்பான் ஊற்றித்தான் பிரித்தெடுக்கிறார்கள். கிலோ லட்சக்கணக்கில் விலை. ஒரு குவளைக்கு 11 கிராம் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். “பூவே குடுங்க மாமா” என்று முடித்துக்கொண்டாள்.

ஆரஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய் கலந்தது, திரி பொருந்தியது, ஆனாலும் மந்தம். இப்போது மிஞ்சியது எண்ணெயின் சுபாவம்தான். ஆரஞ்சு எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன். அது லேசான சரக்கு, சீக்கிரம் ஆவியாகும், ஆனால் தனியாக அதற்கு அப்படியொன்றும் பெரிய மணமில்லை. ஆரஞ்சு என்று மூக்கு கண்டுபிடிப்பது மிச்சமிருக்கும் கொஞ்சூண்டு பொருட்களால். அவையும் கூடவே போய்விட்டால் எதை வைத்து மணப்பது? மூடியில்லாத குவளையை அலமாரியில் வைத்திருந்தேன், அதுவும் சென்னை வெயிலில். ஏற்றுவதற்கு முன்பே ஆரஞ்சு தவணை முறையில் கிளம்பிப் போயிருந்தது. பாட்டிலை முகர்ந்தால் வீட்டையே தூக்குகிற எண்ணெய், மெழுகில் இவ்வளவு சாதுவாவதற்கு இதுதான் காரணம். கிராம்பு நேர் எதிர். பாட்டிலில் இருப்பதற்கும் குவளையில் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, கனத்த எண்ணெய், நின்று பேசும்.

ஆரஞ்சில் கால் பங்கை எடுத்துவிட்டு எலுமிச்சைப்புல் எண்ணெயைச் சேர்த்தேன். அதிலுள்ள சிட்ரால் லிமோனீனைவிட மெதுவாகக் கிளம்பும், குறைவாக இருந்தாலும் மூக்கில் பளிச்சென்று தெரியும். கேட்டால் எல்லோரும் “ஆரஞ்சா, எலுமிச்சையா?” என்று குழம்பினார்கள். வாசனை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்களே, அது போதும். பொறுமையும் கொஞ்சம் உதவியது. சோயா மெழுகு ஊற்றியபின் இறுகி நிலைப்பட ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதன் பிறகு ஏற்றினால் பெரும்பாலும் கூடுதலாக மணக்கும். நான் அதுவரை ஊற்றிய மறுநாளே ஏற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

இத்தனைக்கும் நடுவே என் மூக்கு வேறு எனக்குத் துரோகம் செய்துகொண்டிருந்தது. மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு அதே அறையில் உட்கார்ந்து காத்திருப்பேன். கால் மணி நேரத்தில் வாசனை நின்றுவிடும். போதவில்லை என்று அடுத்த சுற்றில் 8 சதவீதம், அப்புறம் 10, அப்புறம் 12 என்று ஏற்றிக்கொண்டே போனேன். ஒருநாள் கிராம்புக் குவளையை ஏற்றிவிட்டு ஒன்றுமே மணக்கவில்லை என்று சோர்ந்து கிடந்தேன். கடைக்குப் போய்விட்டு வந்த மனைவி கதவைத் திறந்ததும் பையை வாசலிலேயே போட்டாள்.

“என்னங்க இது, பல் டாக்டர் ஆஸ்பத்திரி மாதிரி நாறுது! லிஃப்ட்லயே தலைவலி ஆரம்பிச்சிடுச்சு.”

ஒரே மணத்தில் உட்கார்ந்திருந்தால் மூக்கு அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். அறையில் வாசனை குறையவே இல்லை. நான்தான் அதை உணர்வதை நிறுத்தியிருந்தேன். மெழுகுக்கும் ஒரு வயிறு உண்டு என்பதை அந்த 12 சதவீதம் காட்டியது. அதன் அளவுக்கு மேல் ஊற்றினால் எண்ணெய் மறுபடி மேலே வியர்த்து நிற்கும், அம்மாவின் எவர்சில்வர் தட்டுக்கு மறுபடி வேலை வரும். 6 சதவீதத்துக்குத் திரும்பிவிட்டேன். சோதனை என்றால் இப்போது ஏற்றிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் அரைமணி கழித்து வருகிறேன். அம்மாவுக்கு மட்டும் அதில் திருப்தியில்லை. “ஏண்டா, இதுக்கு ஒரு ஊதுபத்தி ஏத்தியிருக்கலாம்ல?”

மின்விசிறி பற்றியும் சொல்ல வேண்டும். அது சுழன்றால் சுடர் ஒருபக்கம் சாய்கிறது, குளம் கோணலாக உருகுகிறது, மசி வருகிறது, கிளம்பிய வாசனையும் வீடு முழுக்கப் பரவி நீர்த்துப்போகிறது. நிறுத்தினால் வாசனை வருகிறது, ஆனால் அதை அனுபவிக்க அறையில் ஆள் இருப்பதில்லை. ஒரே குவளை சின்னப் படுக்கையறையில் தூக்கலாகவும் கூடத்தில் ஊமையாகவும் இருந்ததற்கு, அறையின் அளவும் காற்றோட்டமுமே முழுக் காரணம். அதற்கும் சேர்த்து நான் எண்ணெயைக் குறை சொல்லியிருக்கிறேன்.

திரியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் வேக்ஸ் மெல்ட்டுக்கு வந்தேன். சாக்லேட் துண்டு மாதிரி வார்த்த மெழுகு, திரியே கிடையாது. சூடான கிண்ணத்தில் போட்டால் உருகி மணக்கும். சுடருக்குள் எண்ணெய் போய் எரிகிற பேச்சே இல்லை, திரி அடைக்கும் கவலையும் இல்லை. வெட்டிவேருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் இங்கேயும் சூடுதான் எஜமான். கீழே குட்டி மெழுகுவத்தி வைக்கிற பீங்கான் கிண்ணத்தில் சூடு அதிகம். வாசனை வேகமாக வந்து வேகமாகத் தீரும். மின்சாரக் கிண்ணம் மிதமாகச் சூடாகி, குறைவாக, ஆனால் நெடுநேரம் தரும். ஒரே துண்டைப் பாதியாக உடைத்து இரண்டிலும் போட்டுப் பார்த்தால் இரண்டு வேறு கடையில் வாங்கியது என்றுதான் சொல்வீர்கள்.

ஆரஞ்சும் வெட்டிவேரும் கலந்து ஒரு மெல்ட் செய்து, மேல்வீட்டு மாமிக்குப் பெருமையாகக் கொடுத்தேன். முதல் நாள் சாயங்காலம் படியிலேயே நிறுத்தி, “அருமையா ஆரஞ்சு வாசனை, கடையில வாங்கினதா?” என்றார். நானே செய்தது என்று நெஞ்சை நிமிர்த்தினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி பிடித்தார்.

“ஏம்ப்பா, உன் ஆரஞ்சு கெட்டுப்போச்சு போல. பானைத் தண்ணி வாசனைதான் வருது.”

கெட்டுப்போகவில்லை. லேசான ஆரஞ்சு முதல் சில மணி நேரத்திலேயே கிளம்பிவிட்டது, கனத்த வெட்டிவேர் பின்தங்கி நின்று இப்போதுதான் தன் முறைக்கு வந்திருக்கிறது. மெழுகு ஆவியாவதில்லை என்பதால் கிண்ணத்தில் அளவு குறையவே இல்லை, சரக்கு அப்படியே இருப்பதாக மாமி நினைத்துக்கொண்டார். இதையெல்லாம் படியில் நின்றபடியே லிமோனீனிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். முழுக்கப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிப்பா, அப்போ அடுத்த தடவை எனக்கு அந்தப் பானைத் தண்ணியை மட்டும் தனியா போட்டுக் குடு, நல்லாருக்கு” என்றார். வெட்டிவேர் 6 சதவீதம், ஆரஞ்சு இல்லாமல், நான்கு துண்டு வார்த்து வைத்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த முதல் ஆர்டர் அது.